வளாகத்தின் மின்வளையம்

ஒரு பெரிய கல்லூரி வளாகத்துக்குள் 11,000 வோல்ட் மின்சாரத்தைப் பூமிக்கடியில் கொண்டு செல்வதற்காகக் கேபிள் வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, அங்கே எத்தனை விளக்குகளும் விசிறிகளும் குளிர்சாதனங்களும் ஆய்வுக்கூட யந்திரங்களும் ஓடும் என்பதே. கேள்வி இயல்பானது, அவசியமானதும்கூட. ஆனால், அதற்குக் கிடைக்கும் விடையை மட்டும் நம்பிக் கேபிளின் கனத்தை நிர்ணயித்துவிட்டால், அந்தக் கேபிள் பல்லாண்டுகள் குறையின்றி உழைத்துவிட்டு, எங்கோ ஒரு மண்வெட்டியோ எலியோ மழைநீரோ அதன் காப்பைக் கெடுத்த ஒரு நாளில், அரை விநாடி நேரத்துக்குள் நெடுகிலும் வெந்து போய்விடக் கூடும். கேபிளின் கனம், அதை இணைக்கும் சாதனத்தின் வலிமை, அதைக் காக்கும் ரிலேயின் காலக்கணக்கு ஆகிய மூன்றும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும் உண்மையில் ஒரே கணக்கின் மூன்று பக்கங்களே என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்கலாம் என்று எண்ணுகிறேன்.

கணக்குக்காக ஒரு வளாகத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம். அதன் மதிலை ஒட்டியே மின்வாரியத்தின் துணைமின் நிலையம் இருக்கிறது. அங்குள்ள 16 மெகாவோல்ட் ஆம்பியர் மின்மாற்றியிலிருந்து 11 கிலோவோல்ட் மின்சாரம் வளாகத்தின் பிரதான பிரேக்கருக்கு வருகிறது. வளாகத்துக்குள் நிர்வாகக் கட்டிடம், ஆய்வுக்கூடம், விடுதி, நூலகம் ஆகிய நான்கு இடங்களில் தலா 1000 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றி ஒன்று நிற்கிறது. நான்கும் ஒருசேர முழுச் சுமையையும் சுமந்தால் 11 கிலோவோல்ட் பக்கத்தில் 210 ஆம்பியர் ஓடும். எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் உச்சச் சுமை வருவதில்லையாதலால், வளாகத்தின் உச்சத் தேவையை 2500 கிலோவோல்ட் ஆம்பியர், அதாவது 131 ஆம்பியர் என்று கொள்வோம்.

இந்த நான்கு இடங்களுக்கும் பிரதான நிலையத்திலிருந்து தனித்தனியே நான்கு கேபிள்கள் போடலாம். ஆனால் ஒரு கேபிள் பழுதானால் அதனால் ஊட்டப்படும் கட்டிடம், மண்ணைத் தோண்டிப் பழுதைக் கண்டுபிடித்து இணைப்புப் போடும் வரையில் இருளில் கிடக்கும். ஆகவே, பிரதான நிலையத்தில் ஒரு பிரேக்கரிலிருந்து புறப்பட்டு, நான்கு இடங்களையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு, அதே நிலையத்தின் இன்னொரு பிரேக்கருக்கே திரும்பி வரும் ஒரு வளையமாகக் கேபிளை அமைக்கிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் ஒன்று அடைபட்டாலும் மற்றப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு சந்நிதியை அடைந்துவிடுவது போல, வளையத்தின் எந்தத் துண்டு பழுதானாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் வந்துவிடும். இந்த வளையம் சாதாரணமாக முழுவதும் மூடப்பட்டிருப்பதில்லை. நடுவில் ஓரிடத்தில் திறந்து வைத்திருப்பார்கள். முழு வளையமாக மூடி ஓட்டினால் பழுதான இடத்துக்கு இரண்டு பக்கங்களிலிருந்தும் மின்னோட்டம் பாயும். எந்தத் துண்டு பழுதானது என்று சாதாரண ரிலேயால் பகுத்தறிய முடியாது. திசையறியும் ரிலேக்களும் ஒவ்வொரு நிலையிலும் பிரேக்கர்களும் வேண்டியிருக்கும். ஒரு கல்லூரிக்கு அத்தனை செலவு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

வளையம் தொடும் ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் இரும்புப் பெட்டிதான் ரிங் மெயின் யூனிட். தொழிலில் உள்ளவர்கள் அதை ஆர்.எம்.யூ. என்றே சுருக்கமாகச் சொல்லுவார்கள். அதற்குள் வளையக் கேபிள் உள்ளே வருவதற்கு ஒரு சுவிட்ச்சும், வெளியே போவதற்கு ஒரு சுவிட்ச்சும், அந்த இடத்து மின்மாற்றிக்குக் கிளை பிரிவதற்கு ஒரு சாதனமும் உண்டு. வளையச் சுவிட்ச்சுகள் இரண்டும் சுமையை அறுக்கவல்லவை. 630 ஆம்பியர் வரையில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை அவை அமைதியாகத் துண்டித்துவிடும். ஆனால் குறுக்குச் சுற்று ஏற்படும்போது பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை அறுக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. அதை அறுக்க வேண்டியது பிரதான நிலையத்தில் உள்ள பிரேக்கர். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளாவிட்டால் பின்னால் வரும் எல்லாமே புரியாமற் போய்விடும்.

இனி, குறுக்குச் சுற்றில் எத்தனை ஆம்பியர் பாயும் என்று பார்ப்போம். தொழிலில் இதை ஃபால்ட் லெவல் என்பார்கள். மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் அதன் உள்மறிப்பு, சதவீதமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நம்முடைய 16 மெகாவோல்ட் ஆம்பியர் மின்மாற்றிக்கு அது 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளிப்பக்க முனைகளை ஒன்றாகக் கட்டிவிட்டால், உட்பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் கொடுத்தாலே முழுச் சுமை மின்னோட்டம் பாய்ந்துவிடும் என்பது அதன் பொருள். ஆகவே முழு மின்னழுத்தமும் இருக்கும்போது குறுக்குச் சுற்று நேர்ந்தால், முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல் பத்து மடங்கு பாயும். 11 கிலோவோல்ட்டில் 16 மெகாவோல்ட் ஆம்பியரின் முழுச் சுமை 840 ஆம்பியர். எனவே குறுக்குச் சுற்று மின்னோட்டம் 8400 ஆம்பியர், அதாவது 8.4 கிலோ ஆம்பியர். மின்வாரியத்தின் மேல்மட்ட மின்வலையிலும் சிறிது மறிப்பு இருப்பதால் உண்மையில் பாய்வது இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். சாதனங்களின் வலிமையைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தக் குறைவைக் கணக்கில் எடுக்காமல் விடுவது பாதுகாப்பான பக்கம். ஆனால் ரிலேயின் நுண்ணுணர்வைச் சரிபார்க்கும்போது இதே விட்டுவிடல் அபாயமான பக்கமாகிவிடும். அங்கே எவ்வளவு குறைவாகப் பாயக் கூடும் என்பதுதான் கேள்வி.

இந்த 8.4 என்ற எண்ணை எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஊர் வளர்கிறது, சுமை பெருகுகிறது, சில ஆண்டுகளில் மின்வாரியம் அந்த 16 மெகாவோல்ட் ஆம்பியர் மின்மாற்றியை எடுத்துவிட்டு 25 மெகாவோல்ட் ஆம்பியர் மின்மாற்றியை நிறுவலாம். புதியதன் மறிப்பும் 10 சதவீதமே என்றால், முழுச் சுமை 1310 ஆம்பியர் ஆகும்; குறுக்குச் சுற்று மின்னோட்டம் 13.1 கிலோ ஆம்பியராக உயரும். வளாகத்தில் ஒரு விளக்குகூடக் கூடியிராது. ஒரு சுவிட்ச்சைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் மதிலுக்கு அப்பால் நடந்த ஒரு மாற்றத்தினால் வளாகத்துக் கேபிள்கள் தாங்க வேண்டிய அபாயம் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், அது ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

ஆகவே ஆர்.எம்.யூ.வைத் தேர்ந்தெடுக்கும்போது இன்றைய 8.4 கிலோ ஆம்பியரைப் பார்க்காமல் நாளைய 13.1 கிலோ ஆம்பியரைப் பார்க்க வேண்டும். 12 கிலோவோல்ட், 630 ஆம்பியர், 20 கிலோ ஆம்பியர் என்ற தரம் சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பது. நமக்கு அது போதுமானது. அந்த 20 கிலோ ஆம்பியரை எத்தனை விநாடி தாங்கும் என்பதையும் பெயர்ப்பலகையில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1 விநாடி என்பதும் 3 விநாடி என்பதும் விலையில் வேறுபடும், வலிமையிலும் வேறுபடும். இவற்றைவிட முக்கியமான இன்னொரு எண், உச்சக் கணத்தில் மூடும் திறன். பழுதான கேபிள் ஒன்றின் மீது, பழுது நீங்கிவிட்டதென்று தவறாக எண்ணி, ஊழியர் ஒருவர் கைப்பிடியைத் திருப்பி வளையச் சுவிட்ச்சை மூடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். மூடும் அந்தக் கணத்தில் மின்னோட்டத்தின் முதல் அலை ஆர்.எம்.எஸ். மதிப்பைப் போல் இரண்டரை மடங்கு எழும்பும்; 13.1 கிலோ ஆம்பியருக்கு அது 33 கிலோ ஆம்பியரை எட்டும். அந்த வேகத்தில் சுவிட்ச்சின் நாக்குகளை மின்காந்த விசை பின்னோக்கித் தள்ளும். நல்ல சுவிட்ச், முறுக்கேற்றிய சுருள்வில்லின் பலத்தால், கையின் வேகத்தைப் பொருட்படுத்தாமல் முழுவதுமாக மூடிக்கொள்ளும். 20 கிலோ ஆம்பியர் தரமுள்ள சாதனத்துக்கு இந்தத் திறன் 50 கிலோ ஆம்பியர் இருக்கும்.

மாணவர்கள் நடந்துபோகும் பாதையோரத்தில் இந்தப் பெட்டி நிற்கப் போகிறது என்பதால், உள்ளே மின்பொறி வெடித்தால் சூடான வாயு எந்தப் பக்கம் வெளியேறும் என்பதற்கான பரிசோதனைச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். மின் அறைக்குள் பயிற்சி பெற்றவர்கள் மாத்திரம் நெருங்கும் பெட்டிக்கான சான்று வேறு, பொதுமக்கள் நெருங்கக்கூடிய இடத்தில் நிற்கும் பெட்டிக்கான சான்று வேறு. உள்ளே காப்பாக இருக்கும் வாயுவும் கவனிக்கத்தக்கது. இதுவரை பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது சல்பர் ஹெக்ஸாஃபுளோரைடு. காப்புக்கு மிகச் சிறந்தது. ஆனால் வெளியே கசிந்தால், வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமிலவாயுவைப் போல் 20,000 மடங்குக்கும் மேற்பட்டது. 24 கிலோவோல்ட் வரையிலான புதிய சாதனங்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் விலக்கியிருப்பதால், உலர்ந்த காற்றைக் கொண்டு காப்புச் செய்த பெட்டிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. அவை சற்று விலை கூடியவையானாலும், பல பத்தாண்டுகள் நிற்கப் போகும் ஒரு சாதனத்துக்கு அவற்றை விசாரித்துப் பார்ப்பது நலம். பெட்டி நிற்கும் மேடையின் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னைவாசிகளுக்கு, அந்த இடத்தில் தேங்கக்கூடிய அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேலே கேபிள் முனைகள் இருக்க வேண்டும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கேபிளுக்கு வருவோம். 11 கிலோவோல்ட்டுக்கு நம் நாட்டில் மிகுதியாக உபயோகிப்பது, அலுமினியக் கடத்தியும் எக்ஸ்.எல்.பி.இ. காப்பும் கொண்ட மூன்று சரட்டுக் கேபிள். அந்தக் காப்பு எந்நேரமும் 90 டிகிரி வெப்பத்தைத் தாங்கும். குறுக்குச் சுற்றின் சில கணங்களுக்கு மட்டும் 250 டிகிரி வரையில் பொறுத்துக்கொள்ளும். அந்தச் சில கணங்களில் வெப்பம் கடத்தியிலிருந்து மண்ணுக்குத் தப்பிச் செல்ல நேரமே இராதாகையால், பிறக்கும் வெப்பம் முழுவதும் அலுமினியத்திலேயே தங்கிவிடும். அந்த நிலையில் ஆம்பியரும் விநாடியும் கடத்தியின் சதுர மில்லிமீட்டரும் ஓர் எளிய சமன்பாட்டில் கட்டுண்டு நிற்கின்றன:

```
S = I × √t / 94
```

இதில் I என்பது குறுக்குச் சுற்று மின்னோட்டம், t என்பது அது ஓடும் விநாடிகள், S என்பது வேண்டிய குறுக்குப் பரப்பு. 94 என்பது அலுமினியத்துக்கும் இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கும் உரிய எண். பொறியாளர் தம் இஷ்டப்படி நிர்ணயிக்கக்கூடியது இந்தச் சமன்பாட்டில் t ஒன்றுதான். மின்னோட்டத்தை மின்வாரியம் தருகிறது. காலத்தை ரிலே தருகிறது. கேபிளின் அளவு ரிலேயின் காலத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

நம் வளையத்துக்கு இதைப் பிரயோகிப்போம். முதலில் சுமை. திறந்த இடம் ஓர் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் ஒரு பக்கத்துக் கேபிளே முழு வளாகத்தையும் சுமக்க வேண்டும். ஆகவே 131 ஆம்பியர். உற்பத்தியாளரின் அட்டவணையில் 95 சதுர மில்லிமீட்டர் கேபிள் மண்ணுக்குள் ஏறக்குறைய 180 ஆம்பியர் சுமக்கும் என்று கண்டிருக்கும். அருகருகே வேறு கேபிள்கள் ஓடுவதையும் சில இடங்களில் குழாய்க்குள் செல்வதையும் கருதி அதில் 85 சதவீதத்தை மட்டும் நம்பினால் 153 ஆம்பியர். இது போதுமானதாகவே தோன்றும். மின்னழுத்த வீழ்ச்சியோ, ஒன்றரைக் கிலோமீட்டர் வளையத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டியே நிற்கும், பொருட்படுத்த வேண்டியதில்லை. பலர் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுகிறார்கள்.

அடுத்து குறுக்குச் சுற்று. 13.1 கிலோ ஆம்பியர் ஒரு விநாடி ஓடினால் வேண்டிய பரப்பு 139. சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 150 சதுர மில்லிமீட்டர். ஒரு விநாடி என்ற எண் எங்கிருந்து வந்தது? கீழ்நிலைப் பிரேக்கர் ஏதோ காரணத்தால் திறக்க மறுத்து, அதற்கு மேலே உள்ளதும் மறுத்து, கடைசியில் மின்வாரியத்தின் பிரேக்கர் வந்து காப்பாற்றும் வரையில் ஆகும் காலம் ஒரு விநாடிக்குள் அடங்கும் என்ற கணக்கிலிருந்து வந்தது. அந்தக் காலத்தை இன்னும் சுருக்க முடியுமானால் கேபிளும் இளைக்கும், முடியாவிட்டால் பருக்கும். இதை அறியத்தான் ரிலேக்களின் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரிலேக்களின் காலத்தை மேலிருந்து கீழாகப் பங்கிடுவது வழக்கம். மின்வாரியத்தார் தங்கள் ஃபீடர் ரிலே, வளாகத்தின் வாயிலில் நேரும் கடுமையான பழுதுக்கு 0.8 விநாடியில் இயங்கும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது அவர்களுடைய எண். நம் வசதிக்காக அவர்கள் அதை ஏற்ற மாட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு ரிலேக்களுக்கிடையே, பிரேக்கர் திறக்கும் காலமும் அளவீட்டுப் பிழையும் சேர்த்து, எண்முறை ரிலேக்களுக்குக் கால் விநாடி இடைவெளி போதும். பழைய சுழல்தட்டு ரிலேக்களுக்கு 0.4 விநாடி வேண்டும். ஆகவே வளாகத்தின் பிரதான பிரேக்கருக்கு 0.55 விநாடியும், வளையத்தின் இரு பிரேக்கர்களுக்கும் 0.3 விநாடியும் கிடைக்கின்றன. ஆர்.எம்.யூ.விலிருந்து மின்மாற்றிக்குப் பிரியும் கிளைக்கு மிஞ்சுவது 0.05 விநாடி; அதாவது தாமதமின்றி உடனே இயங்க வேண்டியதுதான். படிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. இதற்குமேல் இன்னொரு நிலையை நடுவில் புகுத்த விரும்பினால் இடமில்லை. விரும்புகிறவர் ஏதோ ஓரிடத்தில் இரண்டு பிரேக்கர்கள் சேர்ந்து திறப்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கடுமையான பழுதுகளுக்கு இப்படி நிலையான காலம். கடுமை குறைந்தவற்றுக்கு, மின்னோட்டம் பெருகப் பெருகக் காலம் குறையும் வளைவை உபயோகிக்கிறோம். சர்வதேச நியமத்தில் கண்ட சாதாரண வளைவு இது:

```
t = TMS × 0.14 / ((I/Is)^0.02 − 1)
```

Is என்பது ரிலே விழித்துக்கொள்ளும் மின்னோட்டம். TMS என்பது காலத்தை ஏற்றியிறக்கும் பெருக்கி. வளைய ரிலேக்கு Is 200 ஆம்பியர், TMS 0.15 என்று வைக்கிறோம். மின்மாற்றியின் தாழ்வழுத்தப் பக்கத்தில் குறுக்குச் சுற்று நேர்ந்தால், 5 சதவீத மறிப்புள்ள 1000 கிலோவோல்ட் ஆம்பியர் மின்மாற்றி 11 கிலோவோல்ட் பக்கத்திலிருந்து இருபது மடங்கு, அதாவது 1050 ஆம்பியர் இழுக்கும். வளைய ரிலேக்கு அது 5.25 மடங்கு, வளைவின்படி 0.62 விநாடி. கிளை ரிலேக்கு Is 63 ஆம்பியர், TMS 0.1 என்று வைத்தால் அதே பழுதுக்கு அது 0.24 விநாடியில் இயங்கிவிடும். விடுதியின் பழுதுக்கு விடுதி மட்டும் அணையும், நூலகம் எரிந்துகொண்டிருக்கும். கிளையின் உடனடி நிலையை 1400 ஆம்பியரில் வைத்தால், தாழ்வழுத்தப் பக்கத்துப் பழுதுக்கு அது அவசரப்படாது. வளையத்தின் 0.3 விநாடி நிலையை 2500 ஆம்பியரில் வைத்தால், நான்கு மின்மாற்றிகளையும் ஒருசேர உயிர்ப்பிக்கும்போது முதல் சில அலைகளில் எழும் 2100 ஆம்பியர் அளவான உட்பாய்வு மின்னோட்டத்துக்கு அது ஏமாறாது. கடுமையான பழுதுகளை இந்த வளைவுக்கு விடாமல் நிலையான காலத்துக்கு ஒப்படைத்ததற்குக் காரணம் உண்டு: பல ரிலேக்களில் Is-ஐப் போல் 20 மடங்குக்கு மேல் வளைவு தட்டையாகிவிடும்; காகிதத்தில் போட்ட கணக்கைவிட ரிலே தாமதமாகவே இயங்கும்.

இந்த 200 ஆம்பியர் என்ற எண் இப்போது கேபிளிடம் திரும்பி வருகிறது. ரிலே 200 ஆம்பியர் வரையில் பேசாமல் இருக்கும் என்றால், கேபிள் 200 ஆம்பியரை எந்நேரமும் தாங்க வேண்டும். 150 சதுர மில்லிமீட்டர் கேபிள் ஏறக்குறைய 230 ஆம்பியர் சுமக்கும்; அதில் 85 சதவீதம் 195. ஐந்து ஆம்பியர் பற்றாக்குறை. ரிலேயை 190-க்கு இறக்கலாம். ஆனால் வளாகம் வளரப் போகிறது. 185 சதுர மில்லிமீட்டர் கேபிள் 260 ஆம்பியர் சுமக்கும். 85 சதவீதத்தில் 221. ஆகவே அதையே நான் தேர்ந்தெடுப்பேன். சுமை 95 என்றது. பழுது 150 என்றது. ரிலே 185 என்று முடித்து வைத்தது. இந்தக் கேபிள் 13.1 கிலோ ஆம்பியரை ஒன்றே முக்கால் விநாடி தாங்கும்.

வளையத்தில் இவ்வளவு கவனம் செலுத்துகிறவர்கள்கூடத் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு. அது ஆர்.எம்.யூ.விலிருந்து மின்மாற்றி வரையில் போகும் பத்துப் பதினைந்து மீட்டர் நீளமுள்ள குட்டைக் கேபிள். மின்மாற்றியின் முழுச் சுமை 52.5 ஆம்பியர்தானே என்று 35 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டுவிடுவார்கள். அது 100 ஆம்பியரைச் சுலபமாகச் சுமக்கும் என்பது மெய்தான். ஆனால் குறுக்குச் சுற்றை அது எத்தனை நேரம் தாங்கும்? இன்றைய 8.4 கிலோ ஆம்பியரில் 0.15 விநாடி. கிளை ரிலேயும் பிரேக்கரும் சேர்ந்து ஏறத்தாழ 0.1 விநாடியில் வேலையை முடித்துவிடுவதால், இன்று மயிரிழையில் தப்பிவிடும். மின்வாரியம் மின்மாற்றியை மாற்றிய மறுநாள் அது தாங்கும் காலம் 0.063 விநாடியாகச் சுருங்கிவிடும். பிரேக்கர் திறப்பதற்குள் கேபிள் வெந்துவிடும்.

இங்கே கிளையில் உள்ள சாதனம் பிரேக்கரா ஃபியூஸா என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உயரழுத்த ஃபியூஸ், கடுமையான பழுதை முதல் அரை அலை முடிவதற்குள், 0.01 விநாடிக்கும் குறைவான நேரத்தில் அறுத்துவிடும். மின்னோட்டம் தன் முழு உச்சத்தை எட்டுவதற்குக்கூட அது விடாது. ஆகவே ஃபியூஸ் உள்ள கிளைக்கு 35 சதுர மில்லிமீட்டர் தாராளம். சிறிய மின்மாற்றிகளுக்கு அது நல்ல, மலிவான தீர்வு. ஆனால் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 1000 கிலோவோல்ட் ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள மின்மாற்றிகளுக்குப் பிரேக்கரையே வேண்டுகின்றன. நம் நான்கும் அந்த வரம்புக்குள் வருகின்றன. ஆர்.எம்.யூ.வின் கிளைப் பிரேக்கரில் பெரும்பாலும் மின்கலம் இல்லாத, கேபிளின் மின்னோட்டத்திலிருந்தே தன் உயிரைப் பெறும் ரிலே இருக்கும். பழுதின் மீதே பிரேக்கரை மூடும்போது அது விழித்துக்கொள்ளவே சில கணங்கள் பிடிக்கும். அந்தக் காலத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கிளைப் பிரேக்கர் திறக்காமற் போனால் வளையப் பிரேக்கர் திறக்கும் வரையில், பிரேக்கரின் காலமும் சேர்த்து 0.36 விநாடி ஆகும். அதற்கு வேண்டிய பரப்பு 84. எனவே குட்டைக் கேபிளுக்கு 95 சதுர மில்லிமீட்டர் போட வேண்டும். பதினைந்து மீட்டர் கேபிளில் இதனால் கூடும் செலவு அற்பம்.

கேபிளின் பழுதுகளில் மிகுதியானவை ஒரு சரட்டிலிருந்து பூமிக்கு ஏற்படுபவையே. மின்வாரியத்தின் நடுமுனை நேரே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும்போது அந்த மின்னோட்டமும் குறுக்குச் சுற்றுக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கலாம். அது திரும்பி வரும் பாதையோ கேபிளின் செம்புத் திரையும் எஃகுக் கவசமும். உள்ளே அலுமினியம் எத்தனை கனமாக இருந்தாலும் மெல்லிய செம்புத் திரை தனியே அதைத் தாங்காது. திரையையும் கவசத்தையும் இரு முனைகளிலும் உறுதியாகப் பூமியோடு கட்டி, இரண்டும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதை வாங்கும்போதே உற்பத்தியாளரிடம் எழுதி வாங்க வேண்டும்.

பூமிப்பழுதை உணர்வதற்காக மூன்று சரடுகளையும் ஒருங்கே சூழ்ந்து ஒரு வளைய சி.டி. போடுவார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது மூன்று சரடுகளின் மின்னோட்டங்களும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். பூமிக்குக் கசிவு ஏற்பட்டால் மட்டும் அது உணரும். பழுது எந்தப் பக்கம் கடந்தது என்று காட்டும் சுட்டிகளும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. திரை முடிவடையும் இடத்துக்குக் கீழே, அதாவது திரையும் உள்ளடங்கும்படி, அந்த சி.டி. போடப்பட்டிருந்தால், சரட்டில் வெளியே போகும் பழுது மின்னோட்டமும் திரையில் திரும்பி வருவதும் அதற்குள்ளேயே ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிடும். ரிலே குருடாகிவிடும். திரையின் பூமிக் கம்பியை மறுபடியும் அதே சி.டி.யின் துளை வழியாகத் திருப்பிக் கொண்டுவந்த பிறகே பூமியோடு இணைக்க வேண்டும். சி.டி. திரையின் முடிவுக்கு மேலே இருந்தால் இப்படித் திருப்பக் கூடாது. இதைக் கண்ணால் பார்த்து மட்டும் திருப்தியடைய இயலாது. மின்னூட்டுவதற்கு முன் ஒரு சரட்டில் வெளியிலிருந்து சில பத்து ஆம்பியரைச் செலுத்தி, அதைத் திரையின் வழியாகத் திருப்பி, ரிலே விழிக்கிறதா என்று பரிசோதிப்பதே வழி. ஒப்பந்தக்காரர்கள் ரிலேயின் பின்புறத்தில் மட்டும் மின்னோட்டம் செலுத்திக் காட்டிவிட்டுப் போவார்கள். அந்தச் சோதனையில் இந்தக் குறை வெளிப்படவே வெளிப்படாது.

இவையெல்லாம் ஒழுங்காக அமைந்த வளையத்தில், ஆய்வுக்கூடத்துக்கும் விடுதிக்கும் இடையே கேபிள் வெட்டுப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். வளையப் பிரேக்கர் 0.36 விநாடியில் திறந்துவிடும். திறந்த இடம் வரையில் வளையத்தின் அந்தப் பக்கம் அணையும். ஊழியர் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போவார். நிர்வாகக் கட்டிடத்துச் சுட்டி சிவந்திருக்கும், ஆய்வுக்கூடத்தில் வெளியே போகும் பக்கத்துச் சுட்டியும் சிவந்திருக்கும், விடுதியில் சிவந்திராது. கடைசியாகச் சிவந்ததற்கும் முதலில் சிவக்காததற்கும் இடையே பழுது. அதன் இரு பக்கத்துச் சுவிட்ச்சுகளையும் திறந்து பூட்டி, வளையப் பிரேக்கரை மூடி, பிறகு திறந்திருந்த இடத்தை மூடினால் நான்கு கட்டிடங்களுக்கும் மின்சாரம் வந்துவிடும். மண்ணைத் தோண்டுவதை மறுநாள் பகலில் நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

வளாகங்களின் மின் பராமரிப்பைக் கையில் வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ரிலே செட்டிங் தாளின் தலைப்பிலேயே, எந்த ஃபால்ட் லெவலை வைத்து, எந்த மின்மாற்றியை மனத்தில் கொண்டு, எந்தத் தேதியில் அந்தக் கணக்குப் போடப்பட்டது என்பதை எழுதி, பிரதான அறையின் சுவரில் ஒட்டி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மின்வாரியத்தாரிடம் இன்றைய ஃபால்ட் லெவல் என்ன என்று எழுத்து மூலம் கேளுங்கள். எண் மாறியிருந்தால், முதலில் அந்தக் குட்டைக் கேபிள்களைக் கணக்கிட்டுப் பாருங்கள்.